புதுப்பிப்பு: ராஜினாமா மின்னஞ்சல் போய்விட்டது

அன்று நான் கேட்டது: "ராஜினாமா மின்னஞ்சலில் கடைசி நாளைக் குறிப்பிட வேண்டுமா?"

குறிப்பிட்டே அனுப்பினேன். நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே என்று ஒருவர் சொன்னது பாதி சரி. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் இழுபறி. மேலாளருக்கு நன்றி ஒரே வரி: நள்ளிரவில் சர்வர் விழுந்தபோது கூடவே உட்கார்ந்து லாக் பார்த்ததற்காக.

மின்னஞ்சல் வரைவில் இருந்த "எந்த உதவியும் செய்வேன்" என்பதை, அனுபவசாலி ஒருவர் சொன்னபடி மாற்றினேன்: "அடுத்த ரிலீஸை என் இடத்துக்கு வருபவர் செய்யட்டும், நான் பக்கத்தில் இருப்பேன்."

அப்போதுதான் தெரிந்தது, தினசரி பேக்கப் என் தனிக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது! கணக்கை மூடிய அன்றே நின்றிருக்கும். எந்தத் தனி ஆளையும் சாராத சர்வீஸ் கணக்குக்கு மாற்றியாயிற்று.

தன் சம்பள பாக்கி பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு கதை, நண்பரே. என் கடைசி நாளையே மனிதவளத்துறை இன்னும் உறுதிசெய்யவில்லை.