கோவையிலிருந்து மதுரை கோடவுனுக்கு சரக்கு: இ-இன்வாய்ஸ் எடுக்க மறுக்கிறது, நாளை லோடு ஏற்ற வேண்டும்

கல்லும்_மோட்டாரும் (கோவை)

வணக்கம். கோவையில் வெட் கிரைண்டர் செய்கிறோம். போன வருடம் விற்றுமுதல் 6 கோடி தாண்டியதால் இ-இன்வாய்ஸ் போட்டுத்தான் வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். மதுரைப் பக்கம் ஆர்டர் கூடிவிட்டதால் அங்கே ஒரு கோடவுன் வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். நாளை 40 கிரைண்டர் அனுப்ப வேண்டும். ஒன்று 3,200 ரூபாய், ஆக 1,28,000.

எங்கள் பேரிலேயே பில் போட்டு போர்ட்டலில் ஏற்றினால் இப்படி வருகிறது:

```
Supplier and recipient GSTIN should not be the same
```

கணக்கு எழுதும் தம்பி மூன்று முறை முயன்றுவிட்டார். இ-இன்வாய்ஸ் இல்லாமல் லாரியை அனுப்பினால் வழியில் பிடிப்பார்களா? என்ன பேப்பர் கொடுத்து அனுப்புவது?

ஈரோடு_டிரேடர்

இ-இன்வாய்ஸை விடுங்கள், வெள்ளைத் தாளில் ஸ்டாக் டிரான்ஸ்பர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சொந்தச் சரக்குதானே. ஆனால் 50,000க்கு மேல் போவதால் இ-வே பில் கட்டாயம்.

வரிக்கணக்கர்_திண்டுக்கல்

ஈரோட்டு நண்பர் சொன்னதில் பாதி சரி. இ-இன்வாய்ஸ் தேவையில்லை என்பது உண்மை. கோவையும் மதுரையும் ஒரே ஜிஎஸ்டி நம்பரில் இருக்கும்வரை அது விற்பனையே இல்லை, வரியும் இல்லை. தனக்குத் தானே பில் போட முடியாது என்பதைத்தான் போர்ட்டல் சொல்கிறது. தம்பி மீது தவறில்லை, பேப்பர்தான் வேறு.

அந்தப் பேப்பர் டெலிவரி சலான். வெள்ளைத் தாள் போதாது. வரிசை எண், தேதி, அனுப்பும் இடம், இறங்கும் இடம், ஜிஎஸ்டி நம்பர், பொருள், எச்எஸ்என், எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும். மூன்று பிரதி போடுங்கள். முதலாவது மதுரைக்கு, இரண்டாவது டிரைவர் கையில், மூன்றாவது உங்கள் ஃபைலில்.

அடுத்து அந்த 50,000. தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம். மாநில எல்லை தாண்டினால்தான் 50,000. உங்கள் லோடு 1,28,000 என்பதால் எப்படியும் இ-வே பில் வேண்டும்.

இதெல்லாம் இருக்கட்டும், ஒரு கேள்வி. மதுரை கோடவுனை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாகச் சேர்த்துவிட்டீர்களா?

கல்லும்_மோட்டாரும் (கோவை)

இல்லைங்க சார். வாடகை ஒப்பந்தம் போட்டே பத்து நாள்தான் ஆகிறது. சேர்க்காமல் அனுப்பக் கூடாதா?

வரிக்கணக்கர்_திண்டுக்கல்

அனுப்பாதீர்கள். வண்டியை நிறுத்திப் பார்க்கும் அதிகாரி, சலானில் இருக்கும் முகவரியைப் பதிவோடு ஒப்பிடுவார். பதிவில் இல்லாத இடத்தில் சரக்கு இறங்கப்போகிறது என்றால் உங்களிடம் பதில் இருக்காது. வாடகை ஒப்பந்தமும், இடத்துக்காரர் பேரில் உள்ள சொத்து வரி ரசீதோ மின்கட்டண ரசீதோ எடுத்துக்கொண்டு, இன்றைக்கே போர்ட்டலில் பதிவுத் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதிகாரி ஒப்புதல் கொடுக்க இரண்டு மூன்று வாரம் வரை ஆகலாம்.

அந்த 40இல் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்த வியாபாரிகளுக்கு உரியது எத்தனை?

கல்லும்_மோட்டாரும் (கோவை)

22 இருக்கும். மூன்று கடை. 10, 7, 5.

வரிக்கணக்கர்_திண்டுக்கல்

அப்படியானால் நாளைய லோடு வீணாகாது. அந்த 22ஐ கோவையிலிருந்தே மூன்று கடைக்கும் தனித்தனி வரி பில் போட்டு, மூன்றுக்கும் இ-இன்வாய்ஸ் எடுத்து, நேராகக் கடையில் இறக்குங்கள். 10 கிரைண்டர் பில் வரிக்கு முன் 32,000, வரி சேர்ந்தாலும் 1 லட்சத்தைத் தொடாது. மற்ற இரண்டும் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு பில்லும் 1 லட்சத்துக்குள் இருப்பதால் இ-வே பில் வேண்டாம். டிரைவரிடம் மூன்று பில்லையும் கொடுத்துவிடுங்கள். மீதி 18 திருத்தம் வந்தபின் போகட்டும்.

ஓசூர்_வார்ப்படம்

எனக்கும் இதே பிரச்சினைதான். 12,000 ரூபாய்க்கான வார்ப்படங்களை பெங்களூருக்கு பிளேட்டிங் போட அனுப்புகிறேன். 50,000க்குக் கீழ் என்பதால் சலான் மட்டும் போதும்தானே?

வரிக்கணக்கர்_திண்டுக்கல்

உங்களுடையது வேறு விஷயம். ஜாப் ஒர்க்குக்காக மாநிலம் தாண்டினால் தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஓசூரில் நிறைய பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். சலானும் வேண்டும். ஒரு வருடத்துக்குள் பொருள் திரும்பி வர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பில்லிங்_அக்கா_மதுரை

கோவைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், நான் இந்த வேலையைத் தினமும் செய்கிறவள். இ-வே பில்லில் வகை `For Own Use`, ஆவணம் `Delivery Challan` என்று தேர்ந்தெடுங்கள். பெறுபவர் இடத்திலும் உங்கள் நம்பரையே போடுவதால் கோவை முகவரியே வந்து உட்கார்ந்துவிடும். அதை மதுரை முகவரியாகவும் பின்கோடாகவும் மாற்ற வேண்டும். நான் ஒரு தடவை இதைக் கவனிக்காமல் விட்டேன். தூரம் தப்பாக வந்து, பில் ஒரே நாளில் முடிந்துவிட்டது. லாரி தாராபுரத்தில் டயர் வெடித்து நின்றிருந்தது. இரவு முழுக்கத் தூங்கவில்லை.

200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. கோவை-மதுரை அதைக் கொஞ்சம் தாண்டுவதால் சரியான பின்கோடு போட்டால் இரண்டு நாள் கிடைக்கும். வழியில் வண்டி மாற்றினால் பார்ட் பி-யில் புது வண்டி எண்ணைப் போட மறக்காதீர்கள். நேரம் போதவில்லையென்றால் காலாவதி ஆவதற்கு முன் 8 மணி நேரமும் ஆன பின் 8 மணி நேரமும் நீட்டிக்கலாம்.

அப்புறம் மதுரையிலிருந்து கடைக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் வேண்டும். அதற்குத் தொகை வரம்பு கிடையாது, ஜிஎஸ்டி உள்ள கடை என்றால் ஒரே ஒரு கிரைண்டருக்கும் எடுக்க வேண்டும். பில் கோவை முகவரியில் இருக்கும், சரக்கு புறப்படும் இடம் மதுரை என்று தனியாகக் காட்டுங்கள்.

ஈரோடு_டிரேடர்

தமிழ்நாட்டு வரம்பு 1 லட்சம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு சந்தேகம். சலானில் மதிப்பு அடக்க விலையா, விற்பனை விலையா? அடக்கம் 2,400 என்று வைத்தால் 40க்கு 96,000தான் வரும். இ-வே பில்லே வேண்டாமே?

வரிக்கணக்கர்_திண்டுக்கல்

இதில் ஆடிட்டர்களே ஒன்றுபோல் சொல்வதில்லை. வரி இல்லாத நகர்வு, அதனால் அடக்க விலை போதும் என்பார் ஒருவர். சந்தை மதிப்புதான் என்பார் இன்னொருவர். நான் வியாபாரி விலையையே போடச் சொல்வேன். அதனால் கூடுதலாக ஒரு பைசா வரி வராது, இ-வே பில் எடுப்பது ஐந்து நிமிட வேலை. வரம்புக்குக் கீழே வரவேண்டும் என்று விலையைக் குறைத்ததாக அதிகாரிக்குத் தோன்றிவிட்டால் வண்டி நிற்கும்.

பில்லிங்_அக்கா_மதுரை

எங்கள் ஆடிட்டர் அடக்க விலை போடச் சொல்கிறார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

கல்லும்_மோட்டாரும் (கோவை)

எல்லோருக்கும் நன்றி. 22உம் கடைகளில் இறங்கிவிட்டது. திருத்த ஒப்புதல் 11 நாளில் வந்தது. அதற்குள் இன்னும் 22 தயாராகிவிட, முழு 40ஐயும் நேற்று சலானோடு அனுப்பினோம். வியாபாரி விலையே போட்டோம், 1,28,000. அக்கா சொன்னபடி கோவை முகவரிதான் வந்து நின்றது. பின்கோடை மாற்றியதும் இரண்டு நாள் காட்டியது. வண்டி ஒட்டன்சத்திரத்தில் சோதனைக்கு நின்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது. மதிப்பு விஷயத்தை எங்கள் ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இன்னொரு கேள்வி. அடுத்து பாலக்காட்டில் கோடவுன் எடுக்க யோசனை. கோவையிலிருந்து பக்கம்தான். அங்கேயும் இதே சலான் போதுமா?

வரிக்கணக்கர்_திண்டுக்கல்

போதாது. எவ்வளவு பக்கமானாலும் அது வேறு மாநிலம். கேரளத்தில் தனி ஜிஎஸ்டி நம்பர் எடுத்தாக வேண்டும். அந்த நம்பருக்கு அனுப்பினால் உங்கள் சொந்தச் சரக்கே ஆனாலும் சட்டப்படி அது விற்பனை மாதிரிதான். ஐஜிஎஸ்டி போட்டு வரி பில், அதற்கு இ-இன்வாய்ஸ், 50,000க்கு மேல் இ-வே பில். நம்பர் இரண்டும் வேறு என்பதால் அந்தப் பிழைச் செய்தி அங்கே வராது. கட்டிய வரியைப் பாலக்காட்டுப் பதிவில் உள்வரியாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். கோடவுன் வாடகை பேசும் முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.