நெல்லிரசக் கிரயத்தாள்: அலுவலக வாடகையை எங்கே போடுவது?

வணக்கம். யாழ்ப்பாணத்து நெல்லிரசத் தொழிற்சாலை ஒன்றின் ஒரு மாதக் கிரயத்தாளைச் சரிபார்த்துத் தருவீங்களா?

தொடக்க மூலப்பொருள் 60,000, கொள்வனவு 480,000, உட்சுமைக் கூலி 20,000, இறுதி இருப்பு 80,000. ஆகவே பாவித்தது 480,000. நேர்க்கூலி 200,000 சேர, முதன்மைக் கிரயம் 680,000. உட்சுமைக் கூலியை விற்பனைச் செலவில் போட்டால் இந்த இடத்திலேயே பிழைக்கும்.

தொழிற்சாலை மேந்தலை 150,000. நடைபெறு வேலை தொடக்கத்தில் 30,000, முடிவில் 20,000. உற்பத்திக் கிரயம் 840,000. 2,000 போத்தலுக்கு ஒன்று 420 ரூபா.

விற்றது 1,800, அதன் கிரயம் 756,000. நிர்வாகச் செலவு 90,000, விற்பனைச் செலவு 54,000 கூட்ட மொத்தம் 900,000, போத்தலுக்கு 500. இலக்கு விற்பனை விலையில் 20% இலாபம் என்பதால் 500 ÷ 0.80 = 625 ரூபா. கிரயத்தில் 20% கூட்டி 600 என்று வைத்தால் கிடைப்பது 16.67% தான்.

சிக்கல் நிர்வாகச் செலவில். பொது நிர்வாகச் செலவை இருப்பின் கிரயத்தில் சேர்க்க இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 விடாது. ஆனால் அந்த 90,000இல் 30,000 அலுவலகக் கட்டட வாடகை. உற்பத்தி மேற்பார்வையாளரும் அங்கேதான் இருக்கிறார். வாடகையில் அவரின் பங்கு மேந்தலைக்குப் போனால் போத்தலின் உற்பத்திக் கிரயம் 420இலும் கூடும், மீந்த 200 போத்தலின் பெறுமதியும் மாறும். பரப்பளவுப்படி பிரிப்பதா, ஆட்தொகைப்படியா? தொழிற்சாலைக் கணக்குப் பார்க்கிறவை சொல்லுங்கோ.