கூப்பன் முடிந்தும் பட்டியலில் தள்ளுபடி நிற்கிறது, அவசரம்

கயல்: ஞாயிறோடு கூப்பன் முடிந்துவிட்டது. இன்னும் ஆட்கள் SAVE20 போட்டுப் பார்த்து, "செல்லாது" என்று வருவதாகத் திட்டுகிறார்கள். பொருள் விளக்கத்திலிருந்த கூப்பன் வரியை நேற்றே எடுத்துவிட்டேன். என்ன செய்ய?

முகில்: உலாவியின் கேஷ்தான். அதை அழித்துவிட்டுப் பாருங்கள்.

தேன்மொழி: அவர் உலாவியை அழித்தால் வாங்குபவருக்கு என்ன மாறும்? கயல், தலைப்பிலோ படத்திலோ ஏதாவது போட்டிருந்தீர்களா?

கயல்: தலைப்பில் "இன்று மட்டும் 800". முதல் படத்தில் ஒரு பட்டை. வழக்கமான விலை 1,000.

பழையகை: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தலைப்பிலும் படத்திலும் சலுகை வாசகம் கூடாது என்று கூகுள் மெர்ச்சன்ட் சென்டர் விதியே இருக்கிறது. விதியைப் படிக்காமல் கடை திறப்பவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது.

தேன்மொழி: சலுகை நடந்தபோதே 800 தவறுதான். குறியீடு போட்டால் மட்டுமே அந்த விலை; போடாதவருக்கு 1,000. விலைக் கட்டத்தில் 1,000 மட்டும் இருக்கட்டும். தலைப்பில் பொருளின் பெயர் போதும், பட்டை இல்லாத படத்தை ஏற்றுங்கள். கூப்பனுக்கு விளக்கத்தின் கடைசியில் தனி வரி: "ஆகஸ்ட் 10, 2025 இரவு 11.59 வரை செய்யும் ஆர்டரில் SAVE20 சேர்த்தால் 20% குறையும்." எடுக்க மறந்தாலும் இந்த வரி பொய்யாகாது. "இன்று மட்டும்" மறுநாளே பொய். தேடலில் பழைய தலைப்பு போக மட்டும் சில நாள் ஆகலாம்.

முகில்: sale_price-இல் 800 போட்டு, sale_price_effective_date-இல் தேதியும் கொடுத்தால், அது முடிந்ததும் தானாகவே பழைய விலைக்கு மாறிவிடுமே?

தேன்மொழி: எல்லோருக்கும் விலையைக் குறைத்திருந்தால் சரி. இது கூப்பன். அங்கே 800 போட்டால் பக்கத்திலுள்ள 1,000-உடன் ஒத்துப்போகாமல் பொருள் நிராகரிக்கப்படும்.

வானதி: நேரத்தோடு எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதுங்கள். நான் "ஞாயிறு இரவு 12 மணி வரை" என்று எழுதினேன். சனி முடிந்து வரும் 12 மணியா, ஞாயிறு முடிந்து வருவதா என்று பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள்.

இளவேனில்: கூப்பனை இன்னொரு வாரம் நீட்டினால் போகிறது.

பழையகை: கேள்வி அதுவல்ல. முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வானதி: எடுக்கக் கூடாது. பழைய இணைப்பில் வருபவருக்கு "முடிந்தது" என்று தெரிய வேண்டாமா? வரி காணாமல் போனால் ஏமாற்றியதாக நினைப்பார்கள்.

பழையகை: புதிதாக வருபவர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த சலுகைக்குக் காத்திருப்போம் என்று போய்விடுவார்.

வானதி: இரண்டு வாரமாவது இருக்கட்டும் என்பேன்.

கயல்: தலைப்பும் படமும் மாற்றிவிட்டேன். மின்னஞ்சலிலும் 800 என்றுதான் அனுப்பியிருந்தேன், இப்போதுதான் நினைவு வந்தது. திருத்தம் அனுப்பப் போகிறேன். நன்றி.