புதுப்பிப்பு: ஓரத்தில் ரப்பர் இல்லாத நீச்சல் கண்ணாடி

முன்பு கேட்டது: “அண்ணன் கொடுத்த பழைய நீச்சல் கண்ணாடி, படம் கீழே. ஓரத்தில் ரப்பரே இல்லை, மூக்குக்கு மேல் வெறும் நூல். இது என்ன வகை? வாரம் நாலு நாள் பயிற்சிக்கு ஆகுமா?”

ரப்பர் கழன்றுவிட்டது, ஒட்டிக்கொள் என்றார் ஒருவர். குளோரினில் சிலதுக்குக் கழலும்தான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு பயிற்சியாளர், ரப்பர் உட்காரப் பள்ளமே இல்லை, மூக்குக்கு மேல் நூலும் இருக்கிறது, அதனால் இது ரப்பரே வைக்காமல் செய்யும் ஸ்வீடிஷ் வகை என்றார். சுவீடனின் மால்ம்ஸ்டன் தயாரிப்பா, நகலா என்பது படத்தில் தெரியவில்லை.

பட்டை இல்லாமல் கண்குழியில் அழுத்தச் சொன்னார். வலது பக்கம் ஒட்டி நின்றது, இடது உடனே விழுந்தது. நூலை அவிழ்த்து ஒரு நூலிழை அளவு குறைத்துக் கட்டியதும் இடதும் நின்றது. விளிம்பில் வார்ப்புக் கோடு கூராக இருந்தது. நைசான உப்புத்தாளில் தேய்த்துக் கழுவினேன். வெடித்த பட்டையை மாற்றினேன்.

மூன்று வாரம் ஆயிற்று. தண்ணீர் புகவில்லை. நாற்பது நிமிடம் தாண்டினால் கண்ணைச் சுற்றி வலிக்கிறது, அதனால் நீண்ட நேரம் நீந்தும் நாட்களில் ரப்பர் வைத்ததையே போடுகிறேன். கூட்டமான லேனிலும் இது வேண்டாம். யார் முழங்கையாவது பட்டால் கடின பிளாஸ்டிக் நேரே எலும்பில் இடிக்கும்.

மைனஸ் மூன்று பவர் கேட்ட அக்காவுக்கு: என்னுடைய கண்ணாடியில் பவர் கிடையாது, உங்களுடையது தனிக் கேள்வி.