ஈரத் தரையில் கிரவுட் கோடு மறைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. டைல்ஸ், சானிட்டரிவேர் விற்கும் கடைக்காரர் ஒருவருக்காக பிளெண்டர் சைக்கிள்ஸில் குளியலறைப் படம் செய்கிறேன். ஷவர் பக்கம் தரை நனைந்திருக்க வேண்டும், 3 மி.மீ. கிரவுட் கோடு தெரிய வேண்டும், வென்டிலேட்டர் வழியாக மென்மையான பகல் வெளிச்சம்.

முதலில் தரை முழுக்க Roughness-ஐ 0.05-க்கு இறக்கினேன். கிரவுட்டும் டைல் போலவே பளபளத்து, தரை ஒரே கண்ணாடிப் பலகை ஆகிவிட்டது. அப்புறம் வீட்டுக் குளியலறையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். டைல் நிறம் மாறவில்லை. சிமென்ட் கிரவுட் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது, ஆனால் அவ்வளவாகப் பளபளக்கவில்லை. அதன்படி கிரவுட்டுக்குத் தனி மாஸ்க் போட்டு, Base Color-ஐ இருட்டாக்கி, Roughness 0.5 வைத்தேன். கிட்டத்தில் சரியாக வந்துவிட்டது.

சிக்கல் தூரத்தில்தான். வென்டிலேட்டர் ஒளி சாய்வாகப் பிரதிபலிக்கும் இடத்தில் கோடுகள் வெள்ளைக்குள் கரைந்துவிடுகின்றன. கேமராவை உயர்த்தினால் தெரிகிறது, ஆனால் வாஷ்பேசின் கோணம் கெடுகிறது.

இப்போது கோடு வெறும் Bump. அதை நிஜமாகவே 1 மி.மீ. பள்ளமாக மாடல் செய்தால் போதுமா? இல்லை, Area Light-இன் அளவைக் கூட்டி அதன் பிரகாசத்தைப் பரப்ப வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வாடிக்கையாளர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கிரவுட் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார், கோட்டை மறைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.