ஏழு பைட் அனுப்பினேன், பன்னிரண்டு பைட் படித்தது: இரண்டு மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு நடுவே தொலைந்த எண்கள்

மோட்டார்அறை

மூன்று நாள் தூக்கத்தைத் தின்ற ஒரு சிக்கலைப் பகிர்கிறேன். உங்களுக்கும் இதுபோல் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

தோட்டத்துக் கிணற்றில் நீர் அளவியின் துடிப்புகளை ஓர் ஆர்டுயினோ ஊனோ எண்ணுகிறது. அதே பெட்டியில் உள்ள இ.எஸ்.பி.32 அந்தக் கணக்கைச் சீரியல் கம்பி வழியாக வாங்கி வைஃபையில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கோப்பிலிருந்து இந்த ஸ்ட்ரக்ட்டை எடுத்துக்கொண்டேன்:

```c
struct Packet {
  uint8_t  id;
  uint32_t litres;
  uint16_t millivolts;
};
```

ஊனோவில் `Serial.write((uint8_t*)&p, sizeof(p));` என்று எழுதினேன். மறுபுறம் `sizeof(p)` அளவுக்குப் பைட்டுகள் சேரும்வரை காத்திருந்து, அப்படியே ஸ்ட்ரக்ட்டுக்குள் கொட்டினேன். சோதனைக்காக லிட்டரை 1000 என்று தொடங்கி ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டினேன். பேட்டரி 12450 மில்லிவோல்ட் என்று நிலையாக வைத்தேன்.

இ.எஸ்.பி.32 முதலில் காட்டிய லிட்டர் 19964416. மில்லிவோல்ட் 1001. உடனே கம்பியைச் சந்தேகித்தேன். ஊனோ 5 வோல்ட், அது 3.3 வோல்ட் என்பதால் மின்தடைப் பிரிப்பானைக் கழற்றி மாட்டினேன், கம்பியைக் குட்டையாக்கினேன், வேகத்தை 9600க்குக் குறைத்தேன். எதைச் செய்தாலும் அதே 19964416 திரும்பத் திரும்ப வந்தது. கம்பியில் இரைச்சல் என்றால் ஒவ்வொரு முறையும் வேறு குப்பை வர வேண்டும் அல்லவா? அது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் `sizeof(p)` என்ன என்று அச்சடித்துப் பார்த்தேன். ஊனோவில் 7, இ.எஸ்.பி.32இல் 12. இரண்டு பக்கமும் `__attribute__((packed))` போட்டதும் சரியாகிவிட்டது.

இன்னும் ஒன்று புரியவில்லை. பிழை இருந்தபோது `id` இந்த வரிசையில் வந்தது: 1, 162, 0, 237, 48, 0, 3, மறுபடி 1. ஏழு முறைக்கு ஒரு முறை மட்டும் சரியாக வருவானேன்?

செல்வி_சர்க்யூட்

இது எண்டியன் பிரச்சினைதான். நானும் பட்டிருக்கிறேன். அனுப்பும் பக்கம் `htonl`, வாங்கும் பக்கம் `ntohl` போட்டால் பைட்டுகளின் வரிசை நேராகிவிடும். packed எல்லாம் தேவையில்லை.

பழைய_ஈயம்

செல்வி, இங்கே அது உதவாது. ஊனோவுக்கான ஏ.வி.ஆர். கம்பைலரும் இ.எஸ்.பி.32உம் இரண்டுமே லிட்டில் எண்டியன், அதாவது சிறிய பைட் முதலில். வரிசையில் கோளாறே இல்லை. கோளாறு இடைவெளியில். ஊனோ 8 பிட் என்பதால் கம்பைலர் எந்த உறுப்பையும் எந்த முகவரியிலும் வைக்கும், நடுவே வெற்றிடம் விடாது. இ.எஸ்.பி.32 கம்பைலர் நான்கு பைட் எண்ணை நான்கால் வகுபடும் முகவரியில்தான் வைக்கும். ஆகவே `id`க்குப் பின் மூன்று பைட் காலி, கடைசியில் இன்னும் இரண்டு காலி. 1+3+4+2+2, பன்னிரண்டு.

மோட்டார்அறை, உங்கள் வரிசை அழகானது. கம்பியில் முதல் இரண்டு பொட்டலங்கள் இப்படிப் போயிருக்கும்:

```
01 E8 03 00 00 A2 30
01 E9 03 00 00 A2 30
```

இதைப் பன்னிரண்டு பன்னிரண்டாக வெட்டுங்கள். முதல் வெட்டில் லிட்டருக்கான இடத்தில் விழுவது `00 A2 30 01`. அதுதான் 0x0130A200, உங்கள் 19964416. மில்லிவோல்ட் இடத்தில் `E9 03` விழுகிறது, அது 1001. அதாவது இரண்டாம் பொட்டலத்தின் லிட்டரைத்தான் முதல் பொட்டலத்தின் வோல்ட்டாகப் பார்த்தீர்கள்.

அடுத்த வெட்டு இரண்டாம் பொட்டலத்தின் ஆறாவது பைட்டில் தொடங்குகிறது: A2, 162. அதற்கடுத்தது நான்காம் பொட்டலத்தின் நான்காவது பைட்டில், 00. இப்படி நகர்ந்து நகர்ந்து 84 பைட் கழிந்ததும் வெட்டும் பொட்டலத்தின் தொடக்கமும் மறுபடி ஒன்று சேர்கின்றன. 84 என்றால் ஊனோவுக்குப் பன்னிரண்டு பொட்டலம், இ.எஸ்.பி.32க்கு ஏழு. அதனால்தான் ஏழுக்கு ஒன்று. குப்பைக்கு நடுவே இப்படிச் சீரான இடைவெளியில் சரியான எண் தலைகாட்டினால், கம்பியை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்.

செல்வி_சர்க்யூட்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் சிக்கல் உண்மையிலேயே எண்டியன்தான். எதிர்ப்பக்கம் மின்மானி இருந்தது. மோட்பஸ் வழியாக 230 வோல்ட்டை மிதவைப் புள்ளி எண்ணாகக் கொடுக்கும். எனக்கு எப்போதும் 0.00.

பழைய_ஈயம்

அது ஒன்றுவிட்ட உறவு. 230.0 என்பது 0x43660000. மோட்பஸ் 16 பிட் ரெஜிஸ்டருக்குள் எந்த பைட் முதலில் என்று சொல்லிவிட்டது, பெரியது முதலில். இரண்டு ரெஜிஸ்டர்களைச் சேர்த்து 32 பிட் ஆக்கும்போது எது முதலில் என்று சொல்லவில்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். இடம் மாறினால் 0x00004366. அது பூஜ்யத்தை ஒட்டிய மிகச் சிறிய எண், இரண்டு தசமத்தில் 0.00தான் தெரியும். `ntohl` நான்கு பைட்டையும் மொத்தமாகக் கவிழ்க்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு ரெஜிஸ்டர்களை மட்டும் இடம் மாற்றுவது.

என் சொந்தக் கதையைச் சொல்கிறேன், இது அசல் எண்டியன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் எடைத்தராசு. உள்ளே 8051, கெயில் சி51 கம்பைலர். அதன் எண்களை வாங்கிக் காட்ட எஸ்.டி.எம்.32. கெயில் சி51 பல பைட் எண்களைப் பெரிய பைட் முதலில் வைத்து எழுதும். 8051 சிப் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள், அதே சிப்புக்கு எஸ்.டி.சி.சி. கம்பைலர் சிறியதை முதலில் வைக்கும். பிரிவது கம்பைலரில்.

வெறும் தட்டில் 0 காட்டியது, எல்லோரும் மகிழ்ந்தோம். 500 கிராம் வைத்தால் 62465. கவனியுங்கள், 500 என்பது 0x01F4, கவிழ்த்தால் 0xF401. கொடுமை என்னவென்றால் ஒரு பையன் கையில் கிடைத்த இரும்புத் துண்டை வைத்தான், 514 என்று மிகச் சரியாகக் காட்டியது! 514 என்பது 0x0202, எப்படித் திருப்பினாலும் அதே முகம். அரை நாள் "சில எடைகளுக்கு மட்டும் வேலை செய்கிறது" என்று உணரியைத் திட்டிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து நான் சோதனைக்கு 0, 1 அனுப்புவதில்லை. 0x12345678 அனுப்புவேன். எந்த பைட் எங்கே போனது என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

கோயம்புத்தூர்_குறுக்குச்சுற்று

packed போட்டதும் சரியாகிவிட்டது என்று யாரும் நிம்மதியாக உறங்க வேண்டாம். நான் அந்த நிம்மதியில் ஒரு பொருளைச் சந்தைக்கே அனுப்பிவிட்டேன்.

கார்ட்டெக்ஸ் எம்3 சிப்பில் எல்லாம் ஓடியது. விலையைக் குறைக்க எம்0க்கு மாறினோம். முதல் பொட்டலம் வந்ததும் `HardFault`. packed ஸ்ட்ரக்ட்டில் `p.litres` என்று நேராகப் படித்தால் தொல்லையில்லை, கம்பைலருக்கு விஷயம் தெரியும், பைட் பைட்டாக எடுக்கும். நான் செய்தது `&p.litres` என்ற முகவரியை `uint32_t *` வாங்கும் ஒரு சார்புக்குக் கொடுத்தது. உள்ளே போனதும் அது packed என்பது மறந்துபோகிறது. நான்கால் வகுபடாத முகவரியில் ஒரே மூச்சில் நான்கு பைட் படிக்கப் போகிறது. எம்3 அதைப் பொறுத்துக்கொள்ளும், எம்0 பொறுக்காது. புதிய ஜி.சி.சி. `-Waddress-of-packed-member` என்று எச்சரிக்கும். எங்கள் கோப்பில் அப்போது இருநூறு எச்சரிக்கைகள், இது யார் கண்ணில் படும்?

அதனால் என் கட்சி: கம்பியில் போவது ஸ்ட்ரக்ட்டாகவே இருக்கக் கூடாது. பைட்டுகளாகப் பிரித்து அனுப்பு, பைட்டுகளாகச் சேர்த்து எடு. அப்போது இடைவெளியும் கிடையாது, எண்டியனும் கிடையாது.

பழைய_ஈயம்

நூறு உறுப்புகள் உள்ள ஸ்ட்ரக்ட்டுக்கு இதை எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் லிட்டில் எண்டியன், இரண்டும் ஜி.சி.சி. என்றால் நான் packed போட்டு, கீழே `static_assert(sizeof(Packet) == 7, "size");` என்று ஒரு வரி எழுதிவிடுவேன். அளவு பிசகினால் கம்பைல் ஆகாது. வாங்கியதும் `memcpy` செய்து சாதாரண மாறியில் வைத்துக்கொள்வேன், முகவரியை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கோயம்புத்தூர்_குறுக்குச்சுற்று

உறுப்புகளின் வரிசையை ஒரு பக்கம் மட்டும் யாராவது மாற்றினால் அளவு அப்படியே இருக்கும். உங்கள் காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

மோட்டார்அறை

குறுக்குச்சுற்று சொன்னபடி மாற்றி எழுதினேன். இப்போது எதிர்த்திசையிலும் அனுப்புகிறேன்: எத்தனை லிட்டரில் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று இ.எஸ்.பி.32 சொல்லும், ஊனோ நிறுத்தும். ஊனோ பக்கம் இது:

```c
uint32_t limit = b[0] | (b[1] << 8)
               | ((uint32_t)b[2] << 16)
               | ((uint32_t)b[3] << 24);
```

20000 லிட்டருக்குச் சரியாக நின்றது. நேற்று 40000 வைத்தேன். மோட்டார் நிற்கவே இல்லை, தொட்டி வழிந்து வாழைக்குப் போயிற்று. அச்சடித்துப் பார்த்தால் எல்லை 4294941760. இதே வரியை இ.எஸ்.பி.32இல் ஓட்டினால் 40000தான் வருகிறது.

கோயம்புத்தூர்_குறுக்குச்சுற்று

அந்தக் குழியைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஊனோவில் `int` இரண்டே பைட். `b[1] << 8` கணக்கு `int`ஆகவே நடக்கிறது. 40000 என்பது 0x9C40, மேல் பிட் 1, அது எதிர்ம எண்ணாகிவிடுகிறது: -25536. பிறகு 32 பிட்டுக்கு நீளும்போது மேலே FFFF ஒட்டிக்கொள்கிறது. 32767 வரை ஒன்றும் தெரியாது. இ.எஸ்.பி.32இல் `int` நான்கு பைட், அங்கே எப்போதும் தெரியாது. `b[1]`க்கு முன்னும் `(uint32_t)` போடுங்கள். கூடவே, எல்லை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஏற்காதே என்று ஊனோவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பழைய_ஈயம்

packed ஆக இருந்திருந்தால் வாழைக்குத் தண்ணீர் கிடைத்திருக்காது.

மோட்டார்அறை

`(uint32_t)` போட்டாயிற்று, 40000 சரியாக வருகிறது. மோட்டாரை இன்று இரவு ஓட்டிப் பார்க்கிறேன். இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.