பேல் தூக்குற வண்டிக்கு குஷன் டயரா, காத்து டயரா?

பல்லடம்_ஸ்டோர்ஸ்: எங்க மில்லுல 2.5 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட், நாலும் காத்து டயர். பஞ்சு பேல் கட்டற இரும்புப் பட்டைத் துண்டு குத்தி அடிக்கடி பஞ்சர். குஷன் டயருக்கு மாத்திருங்கன்னு டயர்க்காரர் சொல்றாருங்க. பேலை மேல தூக்குனா மாஸ்ட் இடது பக்கம் சாயுது, அதுவும் சரியாயிருமா? குடோனுக்கும் மிக்ஸிங்குக்கும் நடுவுல கொஞ்ச தூரம் மண் தரை.

சூலூர்_ஃபிட்டர்: அந்த டயர்க்காரர் குஷன்னு சொல்றது சாலிட் டயரா இருக்கும், நம்ம பக்கம் ரெண்டையும் ஒரே பேர்லதான் சொல்லுவாங்க. நெசமான குஷன் டயர்ங்கறது இரும்பு வளையத்து மேல ரப்பர் ஒட்டி, பிரஸ்ஸுல வெச்சு ஹப்புல அழுத்தி ஏத்தறது. சக்கரம் சின்னது, வண்டி தரையோட தாழ்வா நிக்கும். அதுக்குன்னே செஞ்ச வண்டி வேற, உங்க வண்டியில அது ஏறாது. உங்க ரிம்லயே உக்கார்ற சாலிட் டயர் இருக்கு. அதைத்தான் பேசணும்.

ஆனா சாய்வை முதல்ல பாருங்க தம்பி. டயர் வாங்கறது அப்புறம்.

பெருந்துறை_லோடு: எதுக்குங்க சாலிட்டு? மண் தரையில சாலிட் ஓட்டுனா ஒவ்வொரு குழியும் நேரா மாஸ்ட்டுக்குப் போகும், பேல் மேல ஆடும். காத்து டயர் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கும். பஞ்சர் ஆனா ஒட்டிட்டுப் போலாம். நாலு டயர்லயும் காத்தைச் சரியா வெச்சா வண்டி சாயவே சாயாது. முக்கியமா பின்னாடி டயரைப் பாருங்க, ஸ்டியரிங் அங்கதானே, அதுதான் சீக்கிரம் தேயும். அந்தத் தேய்மானம்தான் சாய்க்குது.

மஞ்சள்_ஈரோடு: எங்க மஞ்சள் குடோன்ல பேட்டரி ஸ்டாக்கர் வெச்சிருக்கோம். சின்னச் சின்ன வெள்ளை வீல். அதுல ஒரு வீல் வெடிப்பு விட்டு, சிமெண்ட் தரையெல்லாம் கோடு போட்டுட்டுது. அந்த வீல் எங்க கிடைக்கும்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

சூலூர்_ஃபிட்டர்: ஈரோட்டு அண்ணா, உங்களுது பாலியூரித்தேன் வீல், வேற கதை. தனியாக் கேளுங்க, சொல்றேன்.

பெருந்துறை அண்ணன் மண் தரையைப் பத்திச் சொன்னது சரி. பின் டயர் சாய்க்குதுங்கறதுதான் ஒத்துக்க முடியல. பின் ஆக்ஸிலு நடுவுல ஒரே பின்னுல தொங்குது, ரெண்டு பக்கமும் மேல கீழ ஆடும். ஒரு பின் டயர் தேஞ்சா ஆக்ஸிலு அதுக்குத் தக்கன சாஞ்சுக்கும், வண்டி சாயாது. அந்த ஆட்டம் ஸ்டாப்பர்ல போய் முட்டற வரைக்கும் வண்டி நிக்கறது முக்காலி மாதிரிதான். முன் சக்கரம் ரெண்டும் ரெண்டு கால், அந்தப் பின்னு மூணாவது கால். முன்னாடி ஒரு கால் குட்டையானா முக்காலி அந்தப் பக்கம் சாயும், மாஸ்ட்டும் கூடவே போகும்.

பல்லடம் தம்பி, நாளைக்கு இதைச் செய்யுங்க. எப்பவும் தூக்கற அதே பேலோட, தரையிலிருந்து ஒரு சாண் உசரத்துல வெச்சு, சமமான சிமெண்ட் தரையில நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபோர்க்குக்குக் கீழ யாரும் நிக்காம, முன் சக்கரம் ரெண்டுலயும் ஹப்பு மையத்துல இருந்து தரை வரைக்கும் டேப் வெச்சு அளங்க. அப்புறம் வண்டியை அதே இடத்துல திருப்பி நிறுத்தி மாஸ்ட் சாய்வைப் பாருங்க. சாய்வு பக்கம் மாறுச்சுன்னா குத்தம் தரையில. மாறாம இடதாவே இருந்து, ஹப்பு உசரமும் ரெண்டு பக்கம் சமம்னா, மாஸ்ட் ரோலரையும் செயினையும் பாக்கணும்.

பல்லடம்_ஸ்டோர்ஸ்: அளந்துட்டனுங்க அண்ணா. நாலு பேல், ஒண்ணு 170 கிலோன்னா 680 கிலோ. வலது 315 மி.மீ., இடது 301. வண்டியைத் திருப்பியும் சாய்வு இடதுதான். போன மாசம் பஞ்சர் கடையில வலதுக்கு மட்டும் புது டயர் போட்டாங்க, இடது பழசு. அளக்கறப்போதான் பாத்தேன், இடது டயர்ல சுண்டுவிரல் நுழையற அளவு வெட்டு, உள்ள பட்டைத் துண்டு பளபளன்னு தெரியுது.

சூலூர்_ஃபிட்டர்: 14 மி.மீ. வித்தியாசம். முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல மையத்துக்கு மையம் எத்தனை?

பல்லடம்_ஸ்டோர்ஸ்: 970ங்க.

சூலூர்_ஃபிட்டர்: அப்ப 4 மீட்டர் உசரத்துல எத்தனை விலகுதுன்னா, 14ஐ 970ஆல வகுத்து 4000ஆல பெருக்குங்க. 58 மி.மீ. வண்டி நின்ன இடத்துலயே பேல் ரெண்டு அங்குலத்துக்கு மேல இடது பக்கம் தள்ளி நிக்குது. அது அங்கயே நிக்காது. பாரம் இடது பக்கம் போனா இடது டயர் இன்னும் அமுங்கும், அமுங்குனா இன்னும் சாயும். வலது பக்கம் திரும்புறப்போ வேகம் அதை இடதுக்குத் தள்ளும். அந்த நேரத்துல டிரைவர் மேல தூக்கிட்டே ஓட்டுனா கவுந்துரும்.

இப்ப அந்த 14ல காத்து எவ்வளவு, தேய்மானம் எவ்வளவுன்னு பிரிக்கணும். பட்டைத் துண்டைப் புடுங்காதீங்க, காத்து மொத்தமா இறங்கிரும். வண்டி பிளேட்டுல முன் டயருக்குப் போட்டிருக்கிற அழுத்தம் ரெண்டுக்கும் ஒண்ணா வெச்சுத் திரும்ப அளங்க. இடது டயர் அந்தக் காத்தைத் தாங்கலைன்னா விட்டுருங்க, அதுக்கு மேல ஓட்ட வேண்டாம்.

கிணத்துக்கடவு_டிரைவர்: நான் தினமும் ஓட்டறவன். சாலிட் போட்ட புதுசுல இடுப்பு விட்டுப் போச்சுங்க. ஆனா மேல நாலாவது அடுக்கு வெக்கறப்போ பேல் அசையாம நிக்குது. காத்து டயர்ல தூக்கி நிறுத்துனாலும் ஒரு நிமிசம் மிதக்கும்.

பெருந்துறை_லோடு: அந்தக் குலுக்கல்தான் நான் சொன்னது.

பல்லடம்_ஸ்டோர்ஸ்: இடதுல 60 பிஎஸ்ஐதான் இருந்துது. பிளேட்டுல போட்டிருக்கிறது அதைவிட ரொம்ப அதிகம். வெச்சுட்டு அளந்தா இடது 306, வலது 315. இன்னும் 9 இருக்குதுங்க.

சூலூர்_ஃபிட்டர்: அப்ப காத்து 5, தேய்மானம் 9. இப்பயும் மேல 37 மி.மீ. விலகும். அதனால ஒரே ஆக்ஸில்ல ஒரு டயர் புதுசு ஒரு டயர் பழசு வெச்சா ஆகாது. முன் ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. சாலிட் போடறதுன்னாலும் ஜோடிதான். ஒண்ணு சாலிட், ஒண்ணு காத்துன்னு மட்டும் வெச்சிராதீங்க, லோடு ஏறுனா ரெண்டும் ஒரே அளவு அமுங்காது.

சாலிட் போட்டாலும் அதுவும் தேயும். வண்டி எப்பவும் ஒரே பக்கமாத் திரும்பற வழியில ஒரு பக்கம் சீக்கிரம் போயிரும். பல சாலிட்ல பக்கவாட்டுல 60 ஜேன்னு ஒரு கோடு அச்சாயிருக்கும், அது வரைக்கும் தேஞ்சா கழட்டிரணும். கோடு இல்லாததுல புதுசுல அளந்த உசரத்தை எழுதி வெச்சுக்கங்க. தட்டையாத் தேஞ்ச இடம், துண்டு துண்டாப் பேந்த இடம், ரிம்ல இருந்து ரப்பர் நகர்ற இடம், இதையெல்லாம் கண்ணாலயே பாத்துரலாம். டயர்லயும் ரிம்லயும் சேத்து ஒரு சாக்பீஸ் கோடு இழுத்து விடுங்க. வாரம் கழிச்சு ரெண்டு பாதியும் நேரா இல்லைன்னா டயர் ரிம்ல சுத்துது.

பெருந்துறை_லோடு: சரிங்க, பின் ஆக்ஸில் விசயத்தை ஒத்துக்கறேன். ஆனா மண் தரையை அப்படியே வெச்சுட்டு சாலிட் போட்டா, எங்க ஊர்ல மழைக்கு ஒரு தடவை வழுக்கி நிக்குது. முதல்ல அந்தத் தரைக்கு கான்கிரீட் போடச் சொல்லுங்க.

கிணத்துக்கடவு_டிரைவர்: வழுக்கறது உண்மை. ஆனா மில்லுல கான்கிரீட் போடற வரைக்கும் பட்டைத் துண்டு நிக்குமாங்க? கம்பி, பட்டை வெட்டற இடத்துல ஒரு காந்தத்தை இழுத்து ஓட்டுனா பாதி பஞ்சர் போயிரும்.

சூலூர்_ஃபிட்டர்: காந்தம் நல்ல யோசனை. சாலிட்ல ஒண்ணு மட்டும் கவனிங்க, ஓய்வில்லாம வேகமா நெடுந்தூரம் ஓட்டுனா உள்ளுக்குள்ள சூடு ஏறி ரப்பர் வெந்துரும். குடோனுக்கும் மிக்ஸிங்குக்கும் போய் வர்றதுக்குப் பயமில்லை. மழையில ஏற்றம் இருந்தா பெருந்துறை அண்ணன் சொல்றதைக் கேளுங்க, அதுக்கு என்கிட்டயும் நல்ல பதில் இல்லை.

தம்பி, பஞ்சர் கடைக்காரர்கிட்ட ஒண்ணு கண்டிப்பாச் சொல்லுங்க. இந்த ரிம் ரெண்டு பாதியா போல்ட்டுல சேந்திருக்கும். காத்து முழுசா இறங்கி, வால்வ் கோரையும் கழட்டுன பிறகுதான் போல்ட்டுல ஸ்பானர் வெக்கணும்.

பல்லடம்_ஸ்டோர்ஸ்: சொல்லிடறனுங்க. அது வரைக்கும் ரெண்டு பேலுக்கு மேல தூக்க வேண்டாம், ரெண்டாவது அடுக்கோட நிறுத்துங்கன்னு டிரைவர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்.